மூன்று கடை ஒரு கல்லா: மளிகைக்கடை வளர்ச்சித் திட்டங்களை மூன்று தொடுவானங்களாகப் பிரிப்பது எப்படி

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி பக்கம் இருக்கும் நம்மூர்க் கடைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் முடிந்து கணக்கை மூடும் நேரத்தில் ஏறக்குறைய எல்லா முதலாளியும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். போன வருடம் ஒரு அண்ணாச்சி கேட்டது இப்படி: "தம்பி, செய்யணும்னு பதினோரு விஷயம் எழுதி வச்சிருக்கேன். எல்லாமே நல்லாத்தான் தெரியுது. எதுக்குக் காசு போட?"

அவருக்கு மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு மூன்று இடத்திலும் கடை உண்டு. மாத விற்பனை மூன்றுக்கும் சேர்த்து சுமார் 1 கோடி. பதினோரு யோசனைகளில் முலுண்டு கடைக்குக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினும் இருந்தது, இட்லி மாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் இருந்தது, அடுக்குமாடி சொசைட்டிகளின் கீழ்த்தளத்தில் ஆளில்லாத ஃபிரிட்ஜ் வைத்து விற்பதும் இருந்தது. மூன்றும் ஒரே தாளில், ஒரே பேனாவில், ஒன்றன் கீழ் ஒன்றாக.

அந்தத் தாளை மூன்றாகக் கிழித்ததிலிருந்து ஒரு வருடம் என்ன நடந்தது என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆட்களையும் கடையையும் அடையாளம் தெரியாதபடி சொல்லியிருக்கிறேன்.

## முறை எங்கிருந்து வந்தது

1999-இல் மெக்கின்சி ஆலோசகர்களாக இருந்த மெஹர்தாத் பகாய், ஸ்டீபன் கோலி, டேவிட் ஒயிட் மூவரும் இதை முன்வைத்தார்கள். ஒரு நிறுவனம் ஒரே நேரத்தில் மூன்று தொடுவானங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்றார்கள். முதலாவது, இன்று சோறு போடும் தொழில். இரண்டாவது, முளைவிட்டுவிட்ட, ஆனால் இன்னும் தன் காலில் நிற்காத தொழில். மூன்றாவது, நடக்குமா நடக்காதா என்றே தெரியாத பந்தயங்கள்.

பலர் இதை வருடக் கணக்காக எடுத்துக்கொண்டு, முதல் தொடுவானம் என்றால் இந்த வருடம், மூன்றாவது என்றால் பத்து வருடம் கழித்து என்று பிரிக்கிறார்கள். சில்லறை வணிகத்தில் அது காலை வாரிவிடும். 10 நிமிட டெலிவரி என்று ஜெப்டோ செயலி இதே மும்பையில் தொடங்கியது 2021-இல். அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு அது என்றோ வரப்போகிற விஷயமாகத் தெரிந்தது. சில வருடங்களுக்குள் அவருடைய அரிசி வாடிக்கையாளர்களின் கைபேசியில் உட்கார்ந்துவிட்டது. அதனால் நான் காலத்தை வைத்துப் பிரிப்பதில்லை. எவ்வளவு தெரியாது என்பதை வைத்துப் பிரிக்கிறேன். அது எப்படி என்பது இரண்டாம் படியில்.

## படி 1: லாபம் எங்கே பிறக்கிறது என்று முதலில் பாருங்கள்

முதல் தொடுவானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது எது என்று தெரிந்திருக்க வேண்டும். "மளிகைதான், வேறென்ன" என்று சொல்லிவிட்டால் பின்னால் வரும் படிகள் எல்லாம் கோணலாகிவிடும்.

பில்லிங் மெஷினிலிருந்து மூன்று மாத விற்பனையை எடுத்து நான்கு கூடையாகப் பிரித்தோம். கொள்முதல் விலையைக் கழித்தபின் மாதத்துக்கு நின்றது இது. அரிசி, பருப்பு, எண்ணெய் 50 லட்சத்துக்கு விற்று 4 லட்சம் தந்தது. சோப்பு, பிஸ்கட் மாதிரி கம்பெனிச் சரக்கு 30 லட்சத்துக்கு விற்று 3.6 லட்சம். காபிப்பொடி, இட்லிப்பொடி, அப்பளம், வடகம், முறுக்கு 12 லட்சம்தான் விற்றது, ஆனால் 4.2 லட்சம் தந்தது. தேங்காய், வாழையிலை, பூ, கறிவேப்பிலை வகையறா 8 லட்சத்துக்கு விற்று 2 லட்சம்.

ஆக மொத்த லாபம் 13.8 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானது காபிப்பொடி அலமாரியிலிருந்து வருகிறது. கடையின் பாதி இடத்தை அடைத்து நிற்கும் அரிசி மூட்டை அதைவிடக் குறைவாகத் தருகிறது. அண்ணாச்சி அந்தத் தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

இதை வைத்து அரிசியை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டுவது தவறு. பொன்னி அரிசி வாங்க வருகிறவர்தான் திரும்பும்போது கால் கிலோ காபிப்பொடி வாங்குகிறார். அரிசி வாடிக்கையாளர் செயலிக்குப் போய்விட்டால் காபிப்பொடியும் கூடவே போகும். முதல் தொடுவானத்தில் நாம் காக்க வேண்டியது அந்த இணைப்பைத்தான். முலுண்டு கடையில் கண்ணெதிரே கொட்டை அரைத்துக் கொடுக்கும் மெஷின் முதல் வேலையாக ஆனதற்குக் காரணம் இதுவே. அந்த வாசனையை எந்தச் செயலியாலும் அனுப்ப முடியாது.

வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் 10.3 லட்சம் போனது. வீட்டுச் செலவுக்கு 1.5 லட்சம் எடுத்தார். மிஞ்சியது மாதம் 2 லட்சம், வருடத்துக்கு 24 லட்சம். வளர்ச்சிக்கு இருக்கும் பணம் இவ்வளவுதான். இதற்கு மேல் கடன் வாங்கி மூன்றாம் தொடுவானத்தில் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாஷி மார்க்கெட் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது வழக்கமான தவணையைத் தாண்டி நிற்கிறது என்றால், இந்த முறையை மூடி வையுங்கள். அப்போது உங்களுக்கு ஒரே தொடுவானம்தான். கடனை அடைத்துவிட்டு வாருங்கள்.

## படி 2: எத்தனை விஷயம் தெரியாது என்று எண்ணுங்கள்

ஒவ்வொரு யோசனைக்கும் மூன்று கேள்வி. யார் வாங்குவார்கள் என்று தெரியுமா? ஒரு விற்பனையில் எவ்வளவு நிற்கும் என்று தெரியுமா? இதைச் செய்ய நமக்குக் கைப்பழக்கம் உண்டா?

மூன்றுக்கும் ஆதாரத்தோடு "தெரியும்" என்றால் முதல் தொடுவானம். காபி மெஷின் அப்படி: மாட்டுங்காவில் ஏற்கெனவே ஓடுகிறது, கணக்கு கையில் இருக்கிறது.

வாங்க ஆள் இருக்கிறது, திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள், ஆனால் லாபம் நிற்குமா, பெரிதாகச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை என்றால் இரண்டாவது. இட்லி மாவு டெலிவரி இந்த வகை. அண்ணாச்சியின் தங்கை மகன் ஐந்தாறு மாதமாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி நாளைக்கு இருபது வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

யார் வாங்குவார்கள் என்பதே தெரியாவிட்டால் மூன்றாவது. ஆளில்லாத ஃபிரிட்ஜ் அதில் போய் விழுந்தது.

"ஆதாரத்தோடு" என்ற சொல்லில்தான் சண்டை வரும். "எல்லாரும் கேக்காங்க" என்பது ஆதாரம் ஆகாது. காசு கொடுத்து வாங்கியவர், அதிலும் இரண்டாம் முறை வாங்கியவர்தான் ஆதாரம். இந்த அளவுகோலை வைத்ததும், இரண்டாம் தொடுவானம் என்று அண்ணாச்சி நினைத்திருந்த நான்கில் மூன்று மூன்றாவதுக்கு இறங்கிவிட்டன. பூனாவில் சொந்தப் பெயரில் பொடி விற்பது அதில் ஒன்று. அங்கே ஒரு பாக்கெட்கூட விற்றிருக்கவில்லை.

பதினொன்றில் முதலாவதுக்கு ஐந்து, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஐந்து என்று வந்தது. மூன்றாவதில் இருந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்தோம். மூன்று கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பந்தயத்துக்கு மேல் கவனிக்க முடியாது.

## படி 3: பணத்தைப் பிரிப்பதோடு ஆளையும் பிரியுங்கள்

மூன்று தொடுவானத்துக்கும் பணத்தைப் பிரிக்க 70-20-10 என்ற விகிதத்தை எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012-இல் பன்ஸி நாக்ஜி, ஜெஃப் டஃப் என்ற இரண்டு ஆலோசகர்கள் எழுதிய கட்டுரையால் அது பரவலானது. அதே கட்டுரையில் அவர்கள் தொழிலுக்குத் தொழில் இது மாறும் என்றும் சொன்னார்கள். பாக்கெட் நுகர்பொருள் நிறுவனத்துக்கு அவர்கள் காட்டியது 80-18-2. அதனால் விகிதத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நாங்கள் பிரித்தது முதலாவதுக்கு 13 லட்சம், இரண்டாவதுக்கு 9 லட்சம், மூன்றாவதுக்கு 2 லட்சம். இரண்டாவதுக்குப் பங்கு அதிகம் என்று தோன்றலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. முளைவிட்ட தொழில் ஆரம்ப மாதங்களில் நஷ்டத்தில்தான் ஓடும். அந்த நஷ்டத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்தோம். 5.4 லட்சம் மாவுக் கூடத்தின் ஆள், வாடகைக்கு, 2.1 லட்சம் கிரைண்டர், குளிர்பெட்டிக்கு, 1.5 லட்சம் கைக்காவல். நஷ்டத்தை எழுதி வைக்காமல் தொடங்கினால் மூன்றாம் மாதம் முதலாளிக்குப் பயம் வரும், நிறுத்திவிடுவார். பயத்தில் நிறுத்தியது எதற்கும் விடை தராது.

பணத்தைப் பிரிப்பது எளிது. நான் சறுக்கியது ஆள் விஷயத்தில்.

மாவு ஆர்டர்களை மாட்டுங்கா கடையிலேயே பேக் செய்யலாம், தனி ஆள் வேண்டாம், செலவு மிச்சம் என்று நான்தான் சொன்னேன். கடை மேனேஜர் நல்ல உழைப்பாளி. ஆனால் அவருக்கு மாதா மாதம் கேட்கப்படுவது கவுன்டர் விற்பனை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை கவுன்டரில் கூட்டம் நெருக்கும். மே மாதம் ஒரு நாள் இரவு எட்டே முக்காலுக்குக் கடைக்குப் போனேன். எடைத் தராசு மேசைக்கு அடியில் ஆறு பைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சொசைட்டி பெயரும் வீட்டு எண்ணும் எழுதியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், மாவு வெதுவெதுப்பாக இருந்தது. பாக்கெட்டுகள் உப்பித் தலையணை மாதிரி ஆகிவிட்டன; ஒன்றில் ஓரம் பிரிந்து மாவு வழிந்து, பக்கத்தில் இருந்த கறிவேப்பிலையையும் நனைத்திருந்தது. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பைகள்.

மேனேஜரைக் குறை சொல்ல இடமில்லை. நின்று காத்திருக்கும் வாடிக்கையாளரையும் கண்ணுக்குத் தெரியாத வாடிக்கையாளரையும் ஒரே ஆளிடம் விட்டால், நிற்கிறவர்தான் ஜெயிப்பார். இரண்டாம் தொடுவானம் பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது. நடுவில் இருப்பதுதான் அதிகம் பட்டினி கிடக்கிறது என்று வணிக எழுத்தாளர் ஜெஃப்ரி மூர் 2007-லேயே எழுதினார். பெரிய கம்பெனியில் அது பட்ஜெட் கூட்டத்தில் நடக்கும். நம் கடையில் தராசு மேசைக்கு அடியில் நடக்கிறது.

மறுவாரமே மாற்றினோம். மாவுக்கு ஒரு தனி ஆள், தனி இடம், தனிக் கைபேசி எண், தனிக் கணக்கு நோட்டு. தங்கை மகன் கடைப் பொறுப்பை விட்டு முழுநேரமாக அதற்குப் போனான். "மாப்ளே, கடைக் கூட்டத்தைப் பத்தி நீ கவலைப்படாதே. மாவு நேரத்துக்குப் போச்சான்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. அந்த வாக்கியத்தை அவர் கடைப்பிடித்ததுதான் முக்கியம். தீபாவளி நெருக்கடியில்கூட அவனைக் கவுன்டருக்குக் கூப்பிடவில்லை.

பெரிய அளவில் பார்க்க டாடாவின் டிரெண்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். வெஸ்ட்சைடு துணிக்கடைகள் நடந்துகொண்டிருக்கும்போதே 2016-இல் சுடியோவைத் தனிப் பெயரில், தனி விலைவரிசையில் தொடங்கினார்கள். வெஸ்ட்சைடு கடையின் ஒரு மூலையில் மலிவுத் துணி அடுக்கவில்லை. இன்று சுடியோ கடைகள் வெஸ்ட்சைடைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மாவு அரைக்கும் இடம் தனி என்றால், கடைக்கு இருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் அதற்குப் போதாது. அந்த முகவரிக்குத் தனியாக எடுக்க வேண்டும். பாக்கெட்டில் எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இவற்றுக்கான நாட்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## படி 4: இரண்டாவதை ஒரு ஆர்டர் கணக்கால் அளவிடுங்கள்

மூன்றுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது. முதலாவதுக்குப் பழைய கணக்கு போதும்: போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், சரக்கு வருடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது. காபி மெஷின் பன்னிரண்டு மாதத்துக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று வைத்தோம். அதில் விவரிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவதுக்கு மாத லாபத்தைப் பார்த்தால் எப்போதும் சிவப்பாகத்தான் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒரு ஆர்டரில் என்ன நிற்கிறது? வாங்கியவர் திரும்பி வருகிறாரா?

சராசரி ஆர்டர் 310 ரூபாய். மாவு, தேங்காய், சட்னிப் பொருள் எல்லாம் சேர்த்து மொத்த லாபம் 28 சதவீதம், அதாவது 87 ரூபாய். டெலிவரிக்கு 35, பைக்கு 8, வீணாவதற்கு 12 கழித்தால் 32 நிற்கிறது. மாதச் சம்பளமும் வாடகையும் 45,000. அதை 32-ஆல் வகுத்தால் மாதம் 1,406 ஆர்டர், நாளைக்கு சுமார் 47. அப்போது வந்துகொண்டிருந்தது 22.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கின் பயன், எங்கே கையை வைக்க வேண்டும் என்று அது காட்டுவதில் இருக்கிறது. 35 ரூபாய் டெலிவரிதான் பெரிய ஓட்டை. அதைக் குறைக்கும் வழி அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது; அடுத்த படியில் சொல்கிறேன்.

திரும்பி வருவதை அளக்க ஒரு நோட்டு போதும். ஒரு மாதத்தில் முதல் முறை வாங்கியவர்களின் பெயரை எழுதுங்கள். எட்டாவது வாரம் அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு நூற்றில் நாற்பது பேர் இருந்தார்கள். இருபதுக்குக் கீழே இருந்திருந்தால் டெலிவரிச் செலவைக் குறைக்க நான் மெனக்கெட்டிருக்க மாட்டேன். பொருளிலேயே கோளாறு என்று முடிவுக்கு வந்திருப்பேன்.

இங்கே ஒரு பொய்க் கணக்கு ஒளிந்திருக்கும், கவனியுங்கள். டெலிவரியில் வாங்குகிறவர்களில் சிலர் ஏற்கெனவே நம் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் கடையில் வாங்கியதை இப்போது வீட்டில் வாங்கினால், இந்தக் கல்லாவிலிருந்து எடுத்து அந்தக் கல்லாவில் போட்டதுதான் மிச்சம். கைபேசி எண்களை ஒப்பிட்டோம். ஆர்டர்களில் 30 சதவீதம் பழைய வாடிக்கையாளர்களுடையது. மாதக் கடன் நோட்டு வைத்திருக்கும் நாற்பது வீடுகளைத் தனியாகப் பார்த்தோம். டெலிவரியில் மாதம் சராசரியாக 1,300 ரூபாய்க்கு வாங்கினார்கள், ஆனால் கடையில் வாங்குவது 500 ரூபாய் குறைந்திருந்தது. ஆக, அவர்களிடம் புதிதாக வந்தது 800 மட்டும். இதைச் சரிசெய்தால் ஒரு ஆர்டரின் 87 ரூபாய் உண்மையில் 77 ரூபாய்தான்.

பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிற்கும் 32-இல் பத்து போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

## படி 5: பந்தயத்துக்கு ஒரு கேள்வி, ஒரு எல்லை, ஒரு தேதி

மூன்றாம் தொடுவானத்தில் லாபத்தைக் கேட்கவே கூடாது. விடையைத்தான் வாங்குகிறோம். அதனால் தொடங்கும் முன்பே என்ன விடை வேண்டும் என்று எழுத வேண்டும்.

ஃபிரிட்ஜ் பந்தயத்தை அண்ணாச்சியின் மகள் எடுத்துக்கொண்டாள். முலுண்டில் இரண்டு சொசைட்டிகள், கீழ்த்தளத்தில் தலா ஒரு கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ், பக்கத்தில் யு.பி.ஐ. கோடு ஒட்டிய அட்டை, மேலே ஒரு கேமரா. எடுக்கிறவர் எடுத்துவிட்டுப் பணம் அனுப்ப வேண்டும். காலையில் கடைப் பையன் ஒரு முறை நிரப்புவான்.

ஜூன் மாதம் தொடங்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். 2 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. 90 நாள். கடைசி 30 நாளில் ஒரு ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,500 ரூபாய் விற்க வேண்டும். பணம் வராமல் போகும் சரக்கு 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மூடுகிறோம்.

தாள் ஏன் வேண்டும்? 80-ஆவது நாளில் எல்லோருக்கும் ஒரு காரணம் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. "இது மழைக்காலம், பொறுத்துப் பார்ப்போம்" என்றார் அண்ணாச்சி. மகள்தான் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்: "அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நாங்கள் பயந்தது திருட்டுக்கு. அது 2 சதவீதத்தைத் தொடவில்லை. விற்பனைதான் 650 ரூபாயில் நின்றுவிட்டது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மாவும் தேங்காயும் கறிவேப்பிலையும் காலியாகும். அதற்கப்புறம் ஃபிரிட்ஜைத் தொட ஆளில்லை. மாலையில் தேவைப்பட்டதைச் செயலியில் வரவழைத்துக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சொசைட்டி அனுமதி என்பது கமிட்டியைப் பொறுத்தது. ஒரு சொசைட்டியில் கமிட்டி மாறியதும் இடத்துக்கு வாடகை கேட்டார்கள். பத்து சொசைட்டி என்றால் பத்து கமிட்டியோடு பேச வேண்டும்.

மூடினோம். போனது 1.3 லட்சம், அதில் ஃபிரிட்ஜுகள் கையில் இருந்தன.

ஆனால் கேமராப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் ஒன்றைக் கவனித்தாள். காலையில் நடைப்பயிற்சி முடித்தோ, பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டோ வருகிறவர்கள் கீழ்த்தளத்திலேயே பையை எடுத்துக்கொள்கிறார்கள். மேலே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் மாவு டெலிவரியை ஏன் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோகிறோம்?

அக்டோபரிலிருந்து மாவு ஆர்டர்களை முந்தின இரவே வாங்கி, காலை ஆறரைக்குள் சொசைட்டி வாரியாகக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்தில் வைத்தோம். அனுமதி தொடர்ந்த சொசைட்டியில் பழைய ஃபிரிட்ஜே பை வைக்கும் இடமானது. மற்ற இடங்களில் குளிர்பெட்டி. ஒரு பையன் ஒரே சுற்றில் முடித்துவிடுவான். டெலிவரிச் செலவு 35-லிருந்து 18 ஆனது. மாவு உப்பும் தொல்லையும் போயிற்று.

திருத்திய கணக்கைப் போடுவோம்: 77-இல் 18, 8, 12 கழித்தால் 39. 45,000-ஐ 39-ஆல் வகுத்தால் மாதம் 1,154, நாளைக்கு 38 அல்லது 39 ஆர்டர். ஜனவரியில் சராசரி 41 வந்தது. மாதம் சுமார் 3,000 ரூபாய் மிஞ்சியது. சின்னத் தொகைதான், ஆனால் அந்தத் தொழில் அன்றைக்குத் தன் காலில் நின்றது.

## படி 6: ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்போது மாற்றுவது

தன் காலில் நின்ற அன்றே மாவைக் கடையோடு சேர்த்துவிடலாம் என்று ஆசை வரும். தனி ஆள் சம்பளம் மிஞ்சுமே! அவசரப்படாதீர்கள். மே மாதம் தராசு மேசைக்கு அடியில் நடந்தது திரும்ப நடக்கும்.

நாங்கள் வைத்த நிபந்தனை இது. தொடர்ந்து ஆறு மாதம் மிச்சம் வர வேண்டும், அதில் ஒரு கோடைக்காலமும் அடங்க வேண்டும். ஏனென்றால் மும்பை மே மாத வெக்கையில் மாவு எவ்வளவு வீணாகும் என்பது இன்னும் தெரியாத விஷயம். 12 ரூபாய் என்று போட்டிருப்பது மற்ற மாதங்களின் கணக்கு. தவிர, தங்கை மகன் இரண்டு வாரம் ஊருக்குப் போனாலும் பைகள் ஆறரைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே ஆளின் கைராசியில் ஓடுவதை முதல் தொடுவானம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏற ஒரே நிபந்தனைதான்: எழுதிய கேள்விக்கு எழுதிய விடை வர வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜ் ஏறவில்லை. அதில் கிடைத்த ஒரு கவனிப்பு மட்டும் ஏறியது. பந்தயங்கள் பல நேரம் அப்படித்தான் பலன் தருகின்றன. அதனால் மூடும்போது, பார்த்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

## படி 7: தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள்

மூன்றையும் ஒரே கூட்டத்தில் பேசினால் முதலாவதே நேரம் முழுவதையும் தின்றுவிடும். செம்பூர் கடை ஃப்ரீசர் பழுது என்ற செய்திக்கு முன்னால் மாவு ஆர்டரின் மிச்சம் எடுபடாது. நாங்கள் முதலாவதை மாத முதல் வாரம் கடையிலேயே பேசுகிறோம். இரண்டாவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாவுக் கூடத்தில். மூன்றாவதைத் தாளில் எழுதிய தேதியில் மட்டும். நடுவில் அண்ணாச்சி அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம். அவர் மூன்று தடவை கேட்டார், மகள் மூன்று தடவையும் தேதியைச் சொன்னாள்.

திட்டம் ஒரு பக்கம் சாய்கிறது என்பதை இந்தக் கூட்டங்களே காட்டிக்கொடுக்கும். இரண்டாவதுக்கான கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனால், அதன் ஆள் கடை வேலைக்கு இழுக்கப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். மூன்றாவதில் தேதி தாண்டியும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தால், யாரோ அதன்மேல் பாசம் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரே ஒரு கடை வைத்திருப்பவர்கள் இதை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். மூன்றாவதுக்குப் பணம் ஒதுக்காதீர்கள்; வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அது போதும். இரண்டாவதுக்கு மட்டும் வீட்டில் ஒருவரை, அரைநாள் ஆனாலும், முழுப் பொறுப்பாக நிறுத்துங்கள்.

இந்த ஏப்ரலில் அண்ணாச்சியோடு மறுபடி உட்கார்ந்தோம். காபி மெஷின் எதிர்பார்த்ததைவிட இரண்டு மாதம் முன்பே பணத்தைத் திருப்பிவிட்டது. மாவு இன்னும் இரண்டாவதில்தான் இருக்கிறது, கோடை முடிய வேண்டும். மூன்றாவதுக்கு மறுபடி அதே 2 லட்சம். இந்த முறை மகள் எழுதியிருப்பது பூனாவில் பொடி விற்கும் யோசனை: நான்கு கடைகள், 120 நாள், இரண்டாம் முறை சரக்குக் கேட்கும் கடை எத்தனை என்பது கேள்வி. மூன்று கடையாவது கேட்க வேண்டும். தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணாச்சி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இரண்டு கடைன்னு போடலாமாம்மா?" என்று மகளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.